16 பக்க ப்ரோஷர்ல மார்ஜின், அலைன்மென்ட் எங்க பிசகுதுன்னு கண்டுபிடிக்கிறது எப்படி?

"16 பக்க ப்ரோஷர், ஏ4 சைஸ், சென்டர் பின். பக்கத்தைப் புரட்டும்போது எழுத்து ஏதோ இடம் மாறி குதிக்கிற மாதிரி இருக்கு, ஆனா எந்தப் பக்கம்னு என்னால கைவச்சு சொல்ல முடியல. டிசைனர்கிட்ட கேட்டா எல்லாம் கிரிட்லதான் இருக்குங்கறார். இன்டிசைன் ஃபைல், பிடிஎஃப் ரெண்டுமே என்கிட்ட இருக்கு. எப்படி செக் பண்றது?"

உங்களுக்கு தோணுறது பெரும்பாலும் சரியாதான் இருக்கும், ஏன்னா புரட்டுறப்ப கண்ணு 1 மிமீ அசைவைக்கூட பிடிச்சிரும், அதே பக்கத்தை அசையாம உத்துப் பாத்தா 5 மிமீ பிசகுகூட தெரியாது. நான் ப்ரெஸ்ல ஃபைல் செக் பண்ற வேலைல இருக்கேன், அங்க நாங்க எப்படிப் பாக்குறோமோ அதையே சொல்றேன்.

முதல்ல ஒண்ணு. எல்லாரும் பண்ற தப்பு, 6ஆம் பக்கத்தையும் 7ஆம் பக்கத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிடுறது. பின் அடிக்கிற புத்தகத்துல இடது பக்கமும் வலது பக்கமும் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்காது, உள்பக்கம் (மடிப்பு ஓரம்) ஒரு மார்ஜின், வெளிப்பக்கம் வேற மார்ஜின், அதனால ரெண்டும் கண்ணாடில பாக்குற மாதிரி திரும்பி இருக்கும். ஒப்பிடணும்னா ஒற்றைப்படையை ஒற்றைப்படையோட, இரட்டைப்படையை இரட்டைப்படையோட மட்டும்தான்.

அதுக்கு ரொம்ப சுலபமான வழி இருக்கு. இன்டிசைன்ல பிடிஎஃப் எக்ஸ்போர்ட் பண்றப்ப Spreads வேண்டாம், Pages வைங்க, ப்ளீட், க்ராப் மார்க் எதுவும் வேண்டாம், ரேஞ்ச்ல 1,3,5,7,9,11,13,15ன்னு மட்டும் குடுத்து ஒரு ஃபைல், 2,4,6ன்னு இன்னொரு ஃபைல். திறந்து, ஸ்க்ரோல் ஆகாம பக்கம் முழுசா ஸ்க்ரீன்ல நிக்கிற மாதிரி வச்சுட்டு பேஜ் டவுன் கீயை தட்டிட்டே போங்க. உள்ளடக்கத்தைப் படிக்காதீங்க, இடது ஓரத்தையே பாத்துட்டு ஒரு தடவை போங்க, அப்புறம் மேல் ஓரம், அப்புறம் வலது, அப்புறம் பக்க எண். ஒரு தடவைக்கு ஒரு ஓரம்தான். ஏழு பக்கம் ஒரே கோட்டுல நின்னுட்டு எட்டாவது குதிச்சா உடனே தெரியும். குதிச்ச பக்க எண்ணை மட்டும் ஒரு தாள்ல எழுதிக்கோங்க, காரணத்தை அப்புறம் தேடலாம். ப்ரிண்ட் எடுத்து ஸ்கேல் வச்சு அளக்குறவங்களும் இருக்காங்க, ஆபீஸ் ப்ரிண்டர் பேப்பரை இழுக்குறதுலயே 1, 2 மிமீ சாய்ச்சிரும், போதாக்குறைக்கு ஃபிட் டு பேஜ்ல சுருக்கி வேற வச்சிருக்கும், அதை நம்பி டிசைனரோட சண்டைக்குப் போகாதீங்க.

அடுத்தது நம்பர். இந்த லேஅவுட்டுக்குள்ள ஒவ்வொரு காலமும் எந்த மிமீல ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதி வச்சுக்கணும், அது இல்லாம செக் பண்றது குருட்டாம்போக்கு. போன வருஷம் எங்ககிட்ட வந்த ஒரு ரிசார்ட் ப்ரோஷரை வச்சே சொல்றேன், அதுவும் 16 பக்கம் ஏ4, சென்டர் பின்தான். மார்ஜின் மேல 15, கீழ 20, உள்ள 18, வெளிய 12. பக்க அகலம் 210, அதுல 30 போனா 180. மூணு காலம், நடுவுல ரெண்டு இடைவெளி ஆளுக்கு 6, ஆக 168ஐ மூணால வகுத்தா ஒரு காலம் 56 மிமீ. வலது பக்கத்துல (ஒற்றைப்படை) காலங்கள் ஆரம்பிக்க வேண்டிய இடம் 18, 80, 142, கடைசி காலம் முடியுறது 198. இடது பக்கத்துல 12, 74, 136, முடியுறது 192. அவ்வளவுதான் சீட்டு. இதுக்கு அப்புறம் எந்த ஃப்ரேமை க்ளிக் பண்ணாலும் மேல கன்ட்ரோல் பார்ல X நம்பர் அந்தப் பக்கத்துக்கு உள்ள மூணு ஆரம்ப நம்பர்ல ஒண்ணா இருக்கணும், இல்லேன்னா ஏன்னு கேக்கணும்.

X பாக்குறதுக்கு முன்னாடி ரெண்டு செட்டிங் சரி பண்ணிக்கோங்க, இல்லேன்னா எல்லாமே தப்பாதான் காட்டும். ரூலர் மேல ரைட் க்ளிக் பண்ணி Ruler per Page வைங்க, அது Ruler per Spread ஆக இருந்தா வலது பக்கத்துல 18க்கு பதிலா 228 காட்டும், புதுசா பாக்குறவங்க பயந்துருவாங்க. கன்ட்ரோல் பார் இடது மூலைல ஒன்பது புள்ளி இருக்கும் பாருங்க, அதுல மேல்-இடது புள்ளியை செலக்ட் பண்ணுங்க, நடுப்புள்ளி செலக்ட் ஆகியிருந்தா X வந்து ஃப்ரேமோட மையத்தைக் காட்டிட்டு இருக்கும்.

இப்ப அந்த ரிசார்ட் ஃபைலுக்கு வர்றேன். பேஜ் டவுன் தட்டிப் பாத்தப்ப 9, 11 ரெண்டும் இடது ஓரத்துல குதிச்சது, இரட்டைப்படைல 10ம் 14ம் குதிச்சது, 14க்கு காரணம் வேற, அதை பின்னாடி சொல்றேன். 9, 10, 11 தொடர்ச்சியா மூணு பக்கம். க்ளிக் பண்ணிப் பாத்தா 9ல X = 12, இருக்க வேண்டியது 18. 10ல X = 18, இருக்க வேண்டியது 12. 11ல மறுபடி 12. எல்லாத்துலயும் வித்தியாசம் கரெக்டா 6 மிமீ, உள் மார்ஜினுக்கும் வெளி மார்ஜினுக்கும் உள்ள வித்தியாசமும் அதே 6. இதைப் பாத்த உடனே கதை புரிஞ்சிரும், இந்த மூணு பக்கமும் முன்னாடி எதிர்ப்பக்கத்துல இருந்துருக்கு. க்ளையன்ட் நடுவுல 8ஆவதா ஒரு புதுப் பக்கம் சேக்கச் சொல்லியிருக்கார், 16ஐ தாண்டக் கூடாதேன்னு அப்புறம் 12ல இருந்த ஒரு பக்கத்தை எடுத்துருக்காங்க. பழைய 8, 9, 10 ஒண்ணொண்ணா தள்ளி 9, 10, 11 ஆயிருச்சு. பக்கம் இடதுல இருந்து வலதுக்குப் போனா மார்ஜின் கோடு தானா திரும்பிக்கும், ஆனா நாம வச்ச டெக்ஸ்ட் ஃப்ரேமும் படமும் பக்கத்துல இருந்த இடத்துலயேதான் நிக்கும், அதுக்கு திரும்பத் தெரியாது.

டிசைனருக்கு ஏன் தெரியலன்னு கேட்டா, அதுக்கும் காரணம் இருக்கு. 10-11 ஸ்ப்ரெட்டை தனியா பாருங்க, ரெண்டு பக்கமும் திரும்பியிருக்கு, அதனால அது தனக்குள்ள சமமாதான் இருக்கு, ரெண்டு பக்கமும் வெளிய 18, உள்ள 12. அழகா இருக்குற மாதிரிதான் தெரியும். ஆனா மடிப்புக்கு ரெண்டு பக்கமும் எழுத்துக்கு நடுவுல இருக்க வேண்டிய இடம் 36 மிமீ, அங்க 24தான் இருக்கு. 8-9ல பாத்தா 18ம் 12ம் சேந்து 30. ஆக புரட்டுறப்ப 36, 30, 24, அப்புறம் 12-13ல மறுபடி 36. உங்களுக்கு "குதிக்குது"ன்னு தோணுறதும் இந்த மாதிரி ஒண்ணாவே இருக்கலாம், ஆனா ஃபைலைப் பாக்காம நான் அடிச்சு சொல்லக் கூடாது.

இந்தத் தப்பை நம்பரே பாக்காம பிடிக்க ஒரு குறுக்கு வழி, பக்க எண். பக்க எண் பேரன்ட் பேஜ்ல இருந்து வருது (பழைய வெர்ஷன்கள்ல மாஸ்டர் பேஜ்னு இருந்தது), அதனால பக்கம் திரும்புனா அதுவும் சேந்து திரும்பி சரியான இடத்துலதான் நிக்கும். அந்த ஃபைல்ல 10ஆம் பக்கத்துல பக்க எண் 12 மிமீல நிக்குது, அதுக்கு நேர் மேல இருக்குற பத்தி 18ல ஆரம்பிக்குது. எண்ணோட ஓரமும் எழுத்தோட ஓரமும் ஒரே கோட்டுல நிக்கிற மாதிரி டிசைன் பண்ணியிருந்தா, எந்தப் பக்கத்துல ரெண்டும் பிரியுதோ அங்க உள்ளடக்கம் நகந்துருக்குன்னு அர்த்தம். ஒரு நிமிஷ வேலை.

ஆனா அவ்வளவோட அது முடியல. 11ஆம் பக்கத்துல எழுத்து மார்ஜின் கோட்டை விட்டு வெளிய நிக்குறதை யாரோ பாத்துருக்காங்க, பாத்துட்டு ஃப்ரேமை நகத்துறதுக்கு பதிலா Layout > Margins and Columns போய் அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் மார்ஜினை மாத்தி கோட்டை எழுத்துகிட்ட கொண்டு வந்துட்டாங்க. இப்ப கைடு ஆன் பண்ணிப் பாத்தா எல்லாம் அச்சு அசலா ஒட்டி நிக்குது. "கிரிட்லதான் இருக்கு"ன்னு ஒருத்தர் சத்தியம் பண்ணா பொய் சொல்றார்னு அர்த்தமில்ல, அவர் பக்கத்துல அந்தக் கிரிட்டே வேற. இதை கண்ணால பிடிக்கிறது கஷ்டம், அதனால ஒவ்வொரு பக்கத்து மார்ஜினையும் வரிசையா காட்டுற இந்தக் குட்டி ஸ்க்ரிப்டை ஓட்டுறோம்:

```
var d = app.activeDocument, s = "";
for (var i = 0; i < d.pages.length; i++) {
  var m = d.pages[i].marginPreferences;
  s += d.pages[i].name + ": " +
    [m.top, m.bottom, m.left, m.right] + "\n";
}
alert(s);
```

நோட்பேட்ல ஒட்டி `margin.jsx`னு சேவ் பண்ணுங்க. இன்டிசைன்ல Window > Utilities > Scripts திறந்து, User ஃபோல்டர் மேல ரைட் க்ளிக் பண்ணா அந்த ஃபோல்டர் எங்க இருக்குன்னு காட்டும், அங்க இருக்குற Scripts Panel ஃபோல்டருக்குள்ள போட்டுட்டு, இன்டிசைன் Scripts பேனல்ல அந்தப் பேரை டபுள் க்ளிக் பண்ணுங்க. ஃபேசிங் பேஜஸ் ஃபைல்ல left-ங்கறது உள் மார்ஜின், right-ங்கறது வெளி மார்ஜின், அதனால இடது வலதுன்னு குழம்ப வேண்டாம், 16 வரியும் ஒரே மாதிரி வரணும். எங்களுக்கு 15 வரி 15,20,18,12 வந்துச்சு, 11 மட்டும் 15,20,12,18. சில நேரம் வேணும்னே ஒரு பக்கத்துக்கு வேற மார்ஜின் வச்சிருப்பாங்க, அட்டை, நடுப்பக்கம் மாதிரி, அது தப்பில்ல. யாருக்கும் காரணம் தெரியாத வரிதான் தப்பு. ஸ்க்ரிப்ட் காட்டுறது கோட்டோட நம்பர் மட்டும்தான், எழுத்து அந்தக் கோட்டுல நிக்குதான்னு அதுக்கு தெரியாதுங்கறதையும் மறக்காதீங்க, 9லயும் 10லயும் கோடு சரியாதான் இருந்துச்சு.

திருத்துறப்ப ஒரு கண்ணி இருக்கு. 10ல எல்லாத்தையும் 6 மிமீ இடதுக்கு, 9லயும் 11லயும் 6 மிமீ வலதுக்கு நகத்தணும் (X நம்பருக்குப் பின்னாடியே +6னு டைப் பண்ணி என்டர் தட்டலாம், தானா கூட்டிக்கும்), ஆனா Ctrl+A அடிச்சா ஸ்ப்ரெட்ல இருக்குற ரெண்டு பக்கமும் சேந்து செலக்ட் ஆகும், அதனால பக்கம் பக்கமா மவுஸால வளைச்சு செலக்ட் பண்ணுங்க. ஓரம் வரைக்கும் போற முழுப்பக்கப் படத்தை கண்டிப்பா இதுல சேக்காதீங்க. அதுக்கு வேற பிரச்சனை இருக்கு, உண்மைல காசைக் கரியாக்குற பிரச்சனை அதுதான். பழைய 8ஆம் பக்கத்துல ஒரு நீச்சல் குளம் படம், இடது ஓரத்துல ப்ளீடுக்காக -3ல ஆரம்பிச்சு மடிப்புல 210ல முடிஞ்சது. அந்தப் பக்கம் 9 ஆகி வலதுக்கு வந்தப்ப படமும் அப்படியே -3ல இருந்து 210 வரைக்கும். இப்ப அந்த 3 மிமீ நீலத் தண்ணி மடிப்பைத் தாண்டி 8ஆம் பக்கத்துக்குள்ள எட்டிப் பாக்குது, வெட்டுற ஓரமான வலது பக்கம் ப்ளீடே இல்ல. கட்டிங்ல அரை மிமீ தள்ளிப் போனா ஓரத்துல வெள்ளைக் கோடு. எழுத்து 6 மிமீ தள்ளி நின்னா பத்துல ஒருத்தர்தான் கவனிப்பார், வெள்ளைக் கோட்டை எல்லாரும் பாப்பாங்க. அதை நகத்தாம, இடது ஓரத்தை 0க்கும் வலது ஓரத்தை 213க்கும் இழுத்து விடணும், படம் ஃப்ரேமுக்குள்ள பத்தலேன்னா படத்தையும் கொஞ்சம் பெருசாக்கணும்.

சரி, 6 மிமீ கதை அது. உங்க ஃபைல்ல வேற அளவு வரலாம், அந்த அளவே பெரும்பாலும் காரணத்தைச் சொல்லிரும். X நம்பர் 18.347ன்னு தசமத்துல இழுத்துட்டு இருந்தா அது மவுஸ் கைல நகந்தது, ஒட்டுனப்ப சாதா பேஸ்ட் பண்ணியிருப்பாங்க, அது ஸ்க்ரீன் நடுவுல வந்து விழும், அங்கிருந்து இழுத்துட்டு வந்து கண்ணளவுல வச்சிருப்பாங்க. 20ன்னு முழு நம்பரா, ஆனா சீட்டுல இல்லாத நம்பரா இருந்தா வேற ஃபைல்ல இருந்து, வேற கிரிட்ல இருந்து வந்த சரக்கு, அந்த மாதிரி ஒண்ணு கிடைச்சா அந்தப் பக்கம் முழுக்கவே சந்தேகப்படணும்.

X கரெக்டா 18 காட்டுது, ஆனா எழுத்து உள்ள தள்ளி நிக்குதுன்னா ஃப்ரேமை விட்டுட்டு Ctrl+B அடிச்சு Inset Spacing பாருங்க. கலர் போட்ட பெட்டிக்கு உள்ள எழுத்து ஒட்டாம இருக்க 2, 3 மிமீ இன்செட் குடுப்பாங்க, அப்புறம் கலரை எடுத்துட்டு அதே பெட்டியை காப்பி பண்ணி சாதா பத்திக்கு யூஸ் பண்ணுவாங்க, கலர் போயிரும், இன்செட் அப்படியே இருக்கும். ரிசார்ட் ஃபைல்ல 14ஆம் பக்க டெக்ஸ்ட் அப்படித்தான் 2 மிமீ உள்ள இருந்துச்சு. பேஜ் டவுன் தட்டுறப்ப குதிக்கும், நம்பர் சரியா காட்டும், அதனாலயே கண்ணால பாக்குற செக்கும் நம்பர் செக்கும் ரெண்டுமே வேணும்.

மேல் ஓரத்துல இன்னொண்ணு, தமிழும் இங்கிலீஷும் பக்கத்துல பக்கத்துல வர்ற ப்ரோஷர்னா இது கண்டிப்பா வரும். ரெண்டு ஃப்ரேமும் Y = 15லதான் ஆரம்பிக்குது, ஆனா தமிழ்க் காலத்தோட முதல் வரி கொஞ்சம் இறங்கியோ ஏறியோ நிக்கும். ஃப்ரேமோட மேல் விளிம்புல இருந்து முதல் வரியை எவ்வளவு கீழ வைக்கிறதுன்னு இன்டிசைன் சாதாரணமா ஃபான்ட்டோட அசென்ட் அளவைப் பாத்துதான் முடிவு பண்ணுது, அது ஒவ்வொரு ஃபான்ட்லயும் வேற வேற, தமிழ் ஃபான்ட்டுகள்ல கொம்பு, சுழிக்கெல்லாம் இடம் விட்டு நிறைய வித்தியாசமா வச்சிருப்பாங்க. அதே Ctrl+B டப்பால Baseline Options போய் First Baseline, Offset-ஐ Ascent-ல இருந்து Leading-க்கு மாத்துங்க, ரெண்டு காலத்துக்கும் லீடிங் ஒண்ணா இருக்கணும், உதாரணமா தமிழ் 9.5 பாயின்ட்டா இருந்தாலும் இங்கிலீஷ் 10 பாயின்ட்டா இருந்தாலும் லீடிங் ரெண்டுக்கும் 14. அப்ப முதல் வரில இருந்து கடைசி வரி வரைக்கும் ரெண்டு காலமும் ஒரே கோட்டுல ஓடும், பத்திகளுக்கு நடுவுல விடுற இடத்தை மட்டும் 14 இல்லேன்னா 7ன்னு வச்சுக்கோங்க, 7 விட்டா நடுவுல அரை வரி விலகி அடுத்த இடைவெளில மறுபடி சேந்துரும். அந்த விலகல் உங்களுக்கு உறுத்துதுன்னா 14 மட்டும்.

தப்பு மாதிரி தெரிஞ்சு தப்பில்லாததும் சிலது இருக்கு. வெள்ளைப் பின்னணில எடுத்த பொருள் படம், ஃப்ரேம் ஓரம் சரியா 80ல இருக்கும், ஆனா பொருள் 85லதான் ஆரம்பிக்கும், கண்ணுக்கு 5 மிமீ தள்ளுன மாதிரி இருக்கும். 60 பாயின்ட் தலைப்புல முதல் எழுத்துக்கு ஃபான்ட்லயே ஒரு வெத்திடம் இருக்கும், அதனால கீழ இருக்குற சின்ன எழுத்தை விட கொஞ்சம் உள்ள தெரியும், சில டிசைனர்ங்க அதை சரிக்கட்ட ஃப்ரேமை வேணும்னே 17.2ல வைப்பாங்க. இந்த மாதிரி இடத்துல X நம்பரைக் காட்டி "தப்பு"ன்னு மார்க் பண்ணி அனுப்புனா டிசைனர் கடுப்பாவார், நியாயமாவே. வலது பக்கத் தலைப்பு எல்லாத்துலயும் அதே 17.2 இருந்தா விட்டுருங்க, ஒரு தலைப்பு 17.2, இன்னொண்ணு 18, இன்னொண்ணு 16.9ன்னா கேளுங்க.

அச்சாகி வந்த காப்பில ஸ்கேல் வச்சு வெளி மார்ஜின் 12க்கு பதிலா 11.5 இருக்குன்னு ஃபைலைக் குறை சொல்லவும் முடியாது. சென்டர் பின்ல தாள் ஒண்ணுக்குள்ள ஒண்ணு மடிஞ்சு உக்காரும், நடுத்தாள் கொஞ்சம் வெளிய நீட்டிட்டு இருக்கும், வெட்டுறப்ப அதுல கூடுதலா போகும். 16 பக்கம்னா நாலே தாள், 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர் சுமார் 0.1 மிமீ கனம், அதனால நடுப்பக்கத்துல போறது 0.3 மிமீ அளவுதான், அது கூட கட்டிங்ல வர்ற முன்னப்பின்னயும் சேரும். பக்கம் ரொம்ப கூடுனா இதை ப்ரெஸ்ல கணக்குப் போட்டு சரிக்கட்டுவாங்க, உங்க புத்தகத்துக்கு வேண்டாம்.

டிசைனர்கிட்ட போறப்ப "அலைன்மென்ட் சரியில்ல"ன்னு சொல்லாதீங்க, அதுக்கு "எல்லாம் சரியாத்தான் இருக்கு"ன்னுதான் பதில் வரும். "பக்கம் 10, முதல் காலம், X 18 இருக்கு, 12 வரணும், பக்க எண் 12ல நிக்குது பாருங்க"ன்னு ஒரு வரி எழுதி அனுப்புங்க. நாங்க அந்த ரிசார்ட் ஃபைலுக்கு மொத்தம் ஏழு வரி எழுதி அனுப்புனோம், சாயங்காலமே திருத்தி வந்துருச்சு. வந்த உடனே பேஜ் டவுன் செக்கை மறுபடி ஒரு தடவை ஓட்டுனப்ப 13ல ஒரு படம் புதுசா நகந்துருந்துச்சு, திருத்துறப்ப கை பட்டுருக்கு.